திதி தவறாது திவசம் செய்வோம்

எம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் பெற்றோருக்குத் திவசம் செய்யப்படுகின்றது. இலையில் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே வீட்டார் உண்பர். மறைந்தோர் எம்மோடு உறவு அறாதிருக்கின்றனர் என்பதும், பிள்ளைகள் இறைக்கும் எள்ளும் நீரும் அவர்களைச் சென்றடையும் என்பதும் இதன் அடிப்படை நம்பிக்கை. ஆயினும் ஜேர்மனியில் வாழும் நம்மிற் பலர், வேலைநாளின் நெருக்கடியால் இதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர் ஊர்ப் பஞ்சாங்கத்திலுள்ள நாளை அப்படியே பின்பற்றுகின்றனர். இரண்டிலும் திதி தவறக்கூடும்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆகவே அது உலகெங்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகின்றது. கடிகாரம் காட்டும் நேரமே நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. இலங்கை நேரத்திலிருந்து கோடையில் 3½ மணியும், குளிர்காலத்தில் 4½ மணியும் கழித்தால் ஜேர்மனிய நேரம் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆடி மாதத்தில் ஒரு திதி யாழ்ப்பாணத்தில் வியாழன் மாலை 6 மணிக்குத் தொடங்கி, வெள்ளி மாலை 5 மணிக்கு முடிவதாகக் கொள்வோம். திவசத்துக்குத் திதி பிற்பகலில் நிற்க வேண்டும். பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்தால் அதன் நான்காம் பங்கே பிற்பகல். யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ 1.30 முதல் 4 மணி வரை. ஆதலால் அங்கு வெள்ளியே திவசநாள். இங்கோ அத்திதி வியாழன் 2.30க்குத் தொடங்கி வெள்ளி 1.30க்கு முடிந்துவிடும். கோடைப்பகல் நீண்டதாகையால் இங்கு பிற்பகல் 3 மணியளவிலேயே தொடங்குகின்றது. எனவே நமக்கு வியாழனே உரிய நாள். ஊரிலுள்ள சகோதரர் வெள்ளியன்றும் நாம் வியாழனன்றும் செய்தாலும், இருவரும் செய்வது ஒரே திதியிலேயாம். உறவினரை அழைத்து விருந்திடுவதை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். படையலைத் தள்ள வேண்டியதில்லை.

திதியே தெரியாதோர் நிலை யாது? 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தோர் பலருக்கு இறந்த நாள் தெரியாது. மாதம் மட்டும் தெரிந்தால் அம்மாத அமாவாசையில் செய்வது மரபு. அதுவும் தெரியாவிடின் புரட்டாதி மகாளய அமாவாசையிலோ, ஆடி அமாவாசையிலோ செய்யலாம்.

காணாமற்போனோர் விடயம் வேறு. பிண்டமிடுவது மகன் இறந்தான் என ஒப்புக்கொள்வதாகும் என்று ஒரு தாய் மறுத்தால், அவரை எவரும் வற்புறுத்தலாகாது. அவர் ஏற்றிவைக்கும் விளக்கே போதுமானது.

வீட்டில் மூத்தோர் உள்ளபோதே, மறைந்த ஒவ்வொருவரின் பெயர், தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது, திதி, இறந்த ஊர், நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இங்கு பிறந்த பிள்ளைகள் நாளை அதைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டியவர்கள்.