ஆஃபர் லெட்டர் வந்தாச்சு... ஆனால் அந்த வேலை வேண்டாம்! எப்படிச் சொல்வது?

இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்ல யாரும் கற்றுத்தருவதில்லை. அதனால்தான் பலர் ஹெச்.ஆர் அழைப்பை எடுக்காமல் விடுகிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி தட்டிவிட்டு நம்பரை பிளாக் செய்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறுவனத்தில் நல்ல வேலை காலியாகும்போதுதான், அந்த ஒற்றை வரியின் விலை தெரியும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு பெண். அக்கவுன்ட்ஸ் துறையில் 6 வருட அனுபவம், மகன் யு.கே.ஜி படிக்கிறான். சென்னை நிறுவனம் ஒன்று மூன்று சுற்று இன்டர்வியூ நடத்தி, வருடத்துக்கு 7.8 லட்சம் என்று வியாழக்கிழமை ஆஃபர் அனுப்புகிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதே வாரம் கோவையிலேயே இன்னொரு நிறுவனம் 7 லட்சம் தருவதாகச் சொல்கிறது. சென்னை வாடகை, மகனின் பள்ளி, பார்த்துக்கொள்ள அம்மா அருகில் இருப்பது எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை காலை கோவைதான் என்று முடிவெடுக்கிறார். ஆனால், சென்னை நிறுவனத்தின் மேனேஜரை அவருக்குப் பிடித்திருக்கிறது. பின்னாளில் அங்கே போகவும் ஆசை. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?

திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

கெடு திங்கள்தானே என்று வார இறுதியை ஓட்டத் தோன்றும். ஆனால் அந்தப் பக்கம் நடப்பதைப் பாருங்கள். முதலிடம் பிடித்தவருக்கு ஆஃபர் அனுப்பிவிட்டு, இரண்டாவதாக வந்தவருக்கு 'சொல்கிறோம்' என்று பதில் சொல்லி நிறுத்தி வைப்பது பல நிறுவனங்களில் வழக்கம். அவருக்கும் வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் ஹெச்.ஆருக்குக் கோபம் வருவது மறுப்பால் அல்ல, தாமதத்தால். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கே சொல்லிவிட்டால், அன்றைக்கே அவர்கள் அடுத்தவரை அழைக்க முடியும்.

ஆனால் ஒன்று. கோவை நிறுவனத்தின் ஆஃபர் எழுத்து வடிவில் கைக்கு வந்த பிறகுதான் சென்னைக்கு மறுப்புச் சொல்ல வேண்டும். 'மெயில் வந்துடும் மேடம்' என்ற வாய்வார்த்தையை நம்பி, இருக்கும் வாய்ப்பை விடக் கூடாது.

முதலில் போன், பிறகு மெயில்

மூன்று முறை நேரம் ஒதுக்கிப் பேசியவர்களுக்கு, மெயிலில் மட்டும் மறுப்பு அனுப்புவது முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல இருக்கும். ஹெச்.ஆருக்கு இரண்டு நிமிட போன் போதும். 'ஆஃபருக்கு ரொம்ப நன்றி சார். நல்லா யோசிச்சுப் பார்த்தேன். இப்போதைக்கு கோவையை விட்டு வர முடியாத நிலைமை. அதனால இந்த ஆஃபரை ஏத்துக்க முடியலை. நீங்க அடுத்தவங்களைப் பார்க்கணும்னுதான் இன்னிக்கே சொல்றேன்.'

'இன்னும் 50 ஆயிரம் சேர்த்துக் கொடுத்தால் வருவீர்களா?' என்று கேட்கலாம். இதற்கான பதிலை போன் செய்யும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பணம்தான் காரணமென்றால், அதை மறுப்பதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். ஊர்தான் காரணமென்றால், 'சம்பளம் பிரச்னை இல்லை சார்' என்று அங்கேயே முடித்துவிட வேண்டும். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று இழுத்து மறுபடியும் மறுத்தால், பேரம் பேசத்தான் போன் செய்தார் என்ற எண்ணம் வந்துவிடும்.

போன் முடிந்ததும், ஆஃபர் வந்த அதே மெயிலுக்கு 'ரிப்ளை' செய்து எழுத்திலும் தெரிவித்துவிட வேண்டும். புது மெயிலாக அனுப்பினால் ஆஃபர் ஒரு பக்கம், மறுப்பு ஒரு பக்கமாகக் கிடக்கும். இன்டர்வியூ எடுத்த மேனேஜரையும் அதில் சேர்க்கலாம். மெயிலை ஆங்கிலத்திலேயே எழுதினாலும், சாரம் இப்படி இருந்தால் போதும்:

'சீனியர் அக்கவுன்டன்ட் பணிக்கான ஆஃபருக்கு நன்றி. குடும்பச் சூழல் காரணமாக இப்போது கோவையை விட்டு வர இயலாததால், இதை ஏற்க முடியவில்லை. மாதாந்தரக் கணக்கு முடிப்பை உங்கள் டீம் மாற்றியமைக்கும் விதம் பற்றி மூன்றாவது சுற்றில் பேசியது மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அடுத்த ஆண்டு ஜூனுக்குப் பிறகு ஊர் மாறும் வாய்ப்பு எனக்கு இருக்கிறது. கோவையிலிருந்தே செய்யக்கூடிய பணி இருந்தாலும் பேச விரும்புகிறேன்.'

இதில் முக்கியமானது கடைசி இரண்டு வரிகள். 'எதிர்காலத்தில் இணைந்து பணியாற்ற ஆவல்' என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். யாரும் அதை நினைவில் வைப்பதில்லை. எப்போது, எந்த மாதிரி வேலைக்கு வர முடியும் என்று சொன்னால்தான், இடம் காலியாகும்போது உங்கள் பெயர் நினைவுக்கு வரும். உறுதியாகத் தெரியாவிட்டால், மாதத்தைக் குறிப்பிடாமல் விடுவது நல்லது.

காரணம் ஒன்று போதும், ஆனால் உண்மையாக

எந்த நிறுவனத்துக்குப் போகிறீர்கள், எவ்வளவு சம்பளம் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. கேட்டால், 'சேர்ந்த பிறகு சொல்கிறேன் சார்' என்று நழுவலாம். ஆனால், 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கே போகப்போவதில்லை' என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமே லிங்க்ட்இன்னில் புது வேலையை அறிவித்தால், நீங்கள் சொன்ன எதையும் அவர்கள் பிறகு நம்ப மாட்டார்கள்.

கன்சல்டன்சி மூலம் வந்த ஆஃபர் என்றால், முதல் போன் கன்சல்டன்டுக்குத்தான். பொதுவாக நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம் கிடைக்கும். அவரைத் தாண்டிப் போனால் அந்தக் கதவும் சேர்ந்தே மூடும். அவரிடம் சொன்ன பிறகு மேனேஜருக்கு நன்றி மெயில் அனுப்பலாம்.

'சரி' என்று சொன்ன பிறகு மனம் மாறினால்?

இது வேறு கணக்கு. நீங்கள் ஒப்புக்கொண்டதுமே மற்றவர்களுக்கு 'இல்லை' என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் நோட்டீஸ் பீரியட் முடியும்வரை அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருப்பார்கள். இந்த நிலையில் முதலில் ஆஃபர் லெட்டரை மறுபடியும் படியுங்கள். ஜாயினிங் போனஸ் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டியிருக்கும். பிறகு மேனேஜரிடமே நேரடியாகப் பேசி, தெளிவாக மன்னிப்புக் கேளுங்கள். முடிவெடுத்த நாளிலேயே சொன்னால், வருத்தப்பட்டாலும் ஓரளவு புரிந்துகொள்வார்கள். சேர வேண்டிய நாளில் போனை அணைத்துவிட்டால், அது நிறுவனத்தின் பதிவில் 'வரவில்லை' என்று ஏறும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

கதவு திறந்திருக்கிறதா?

'ஆல் தி பெஸ்ட்' என்ற பதில் வெறும் மரியாதை. மேனேஜரே தனியாகப் பதில் எழுதினாலோ, 'ஜூனில் ஒரு மெயில் போடுங்கள்' என்றாலோ, அதுதான் திறந்த கதவு. அந்த மேனேஜருக்கு லிங்க்ட்இன்னில் அழைப்பு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து, எதுவும் கேட்காமல் நலம் விசாரித்து இரண்டு வரி அனுப்புங்கள். வாராவாரம் குட்மார்னிங் வேண்டவே வேண்டாம்!

உதாரணப் பெண்ணைப் பொறுத்தவரை, மே மாதம் ஒரு மெயில் அனுப்பினால் போதும். 'சென்ற ஆண்டு சொன்னபடி இப்போது ஊர் மாறத் தயாராக இருக்கிறேன். பொருத்தமான பணி இருக்கிறதா?' என்று கேட்கலாம். அந்த நிறுவனத்தில் இடம் இல்லாமல் போகலாம், அந்த மேனேஜரே வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கவும் கூடும். அப்படி மாறியிருந்தால், அவருடைய புது நிறுவனத்திலும் கேட்டுப் பார்க்கலாம்!