அக்யூரசி 95 சதவீதம் சரி, ரூபாய்ல எவ்வளவு?

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாலே நம்ம காலேஜ்ல ஒரு தலைப்பு கண்டிப்பா வரும்: "மெஷின் லேர்னிங் மூலம் கடன் தவணை தவறுவோரைக் கணித்தல்". போன வருஷம் எங்க டீமும் அதைத்தான் எடுத்தது. காகிள்ல இருந்து டேட்டா, நாலு அல்காரிதம், கடைசி ஸ்லைடில் ஒரு பார் சார்ட், அதில் 95 சதவீத அக்யூரசி. கைதட்டல் வரும்னு பார்த்தோம். ரிவ்யூவுக்கு வந்த மேம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரிப்பா, இந்தக் கடன்கள்ல பேங்க்குக்கு எத்தனை ரூபாய் போகும்?"

பதில் எங்ககிட்ட இல்லை. அந்த ஒரு கேள்வியைத் துரத்திப் போனதில்தான், எங்க ப்ராஜெக்ட் எங்கெல்லாம் ஓட்டை என்று தெரிந்தது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்: கடன் சம்பந்தமான எந்த ப்ராஜெக்டும் ரூபாய்க் கணக்கில் முடியணும். அக்யூரசியோடு நின்றால் அது பாதி வேலைதான்.

ரூபாய்க் கணக்குக்கான சூத்திரம் ஒரே வரி.

```
EL = PD × LGD × EAD
```

EL என்பது எதிர்பார்க்கும் நஷ்டம். PD, கடன் வாங்கியவர் கட்டாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்பது. EAD, அவர் கட்டாமல் நிற்கும் நாளில் பாக்கி எவ்வளவு என்பது. LGD, அந்தப் பாக்கியில் எத்தனை பங்கு திரும்ப வராமலே போகும் என்பது. ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 2 லட்சம் பாக்கி இருக்கு, 5 சதவீதம் பேர் கட்ட மாட்டாங்க, பாக்கியில் 60 சதவீதம் போயிடும்னு வைத்துக்கொள்ளுங்கள். 50 பேர், ஆளுக்கு 1.2 லட்சம் நஷ்டம், மொத்தம் 60 லட்சம். இதே 5 சதவீத டேட்டாவில் "யாருமே தவற மாட்டாங்க" என்று ஒரு வரி கோடு எழுதினாலும் அக்யூரசி 95 வரும். அந்த 60 லட்சம் மட்டும் எங்கேயும் தெரியாது.

முதலில் PD. தவறியவர்கள் எண்ணிக்கை கம்மியா இருந்தா நாம எல்லாரும் செய்வது ஸ்மோட் போட்டு இரண்டு பக்கத்தையும் 50-50 ஆக்குவது. நாங்களும் பண்ணோம். மாடல் அதுக்கப்புறம் தவறுபவர்களை நல்லாவே பிடிக்குது. ஆனா அது கொடுக்கும் எண்ணை PD என்று எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் கதை கெட்டுது.

காரணம் இதுதான். நிஜத்தில் ஒருத்தர் தவறினால் 19 பேர் ஒழுங்கா கட்டுறாங்க. நாம் டேட்டாவை ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டோம். அதாவது தவறுவதற்கான விகிதத்தை 19 மடங்கு ஊதிவிட்டோம். மாடலுக்கு நிஜ உலகம் தெரியாது, நாம் காட்டிய உலகம்தான் தெரியும். அதனால் நிஜமா 5 சதவீத வாய்ப்புள்ள சாதாரண ஆளுக்கு அது 50 சதவீதம் என்று சொல்லும். 2 சதவீத வாய்ப்புள்ள நல்ல ஆளுக்கு 28 சதவீதம். 2 லட்சம் பாக்கியுள்ள அந்தச் சாதாரண ஆளுக்கு நிஜ எதிர்பார்ப்பு நஷ்டம் 6,000 ரூபாய். மாடல் கணக்கில் 60,000. இதை நம்பி வட்டி போட்டால், நஷ்டத்தை ஈடுகட்டவே 30 சதவீதம் கேட்கணும். ஒழுங்கா கட்டக்கூடிய மனுஷன் அந்த வாசலையே மிதிக்க மாட்டார்.

இந்தத் தப்பு ஏயூசியில் தெரியாது. ஏன்னா ஏயூசி பார்ப்பது வரிசையை மட்டும்தான், யார் முன்னே யார் பின்னே என்று. எல்லாருடைய எண்ணும் சேர்ந்து ஊதினால் வரிசை மாறாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு: கை வைக்காத டெஸ்ட் டேட்டாவில் மாடல் கொடுத்த PD எல்லாத்துக்கும் சராசரி எடுங்க, நிஜமா தவறியவர்களின் சதவீதத்தோடு ஒப்பிடுங்க. 5-க்குப் பதிலா 40 வந்தால் விஷயம் புரிஞ்சிடும். மாடல் சொன்ன எண் q என்றால், எங்க 5 சதவீத உதாரணத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுவரும் கணக்கு இது:

```
p = q / (q + 19*(1 - q))
```

q-வில் 0.5 போட்டால் 0.05 வரும். சும்மா வரிசைகளைக் கூட்டியோ குறைத்தோ சமன் செய்திருந்தால் இது நன்றாக உட்காரும். ஸ்மோட் செயற்கையான ஆட்களை உருவாக்குவதால் தோராயமாகத்தான் சரியாகும். என்னைக் கேட்டால் சமன் செய்யவே வேண்டாம். டேட்டாவை அப்படியே விட்டு, யாருக்குக் கடன் மறுப்பது என்ற எல்லையை மட்டும் 0.5-இல் இருந்து கீழே இறக்கினால் போதும்.

அடுத்து LGD. இங்கேதான் எங்க மானம் போனது. நாங்க எடுத்தது அமெரிக்காவின் லெண்டிங் கிளப் நிறுவனத்தின் தனிநபர் கடன் டேட்டா. நம்ம பசங்களில் பலர் எடுப்பதும் அதுதான். அதில் `recoveries` என்று ஒரு காலம் இருக்கு. அதையும் உள்ளே கொடுத்தபோது ரிசல்ட் நம்ப முடியாத அளவுக்கு ஏறியது. சந்தோஷப்பட்டோம். பிறகுதான் உறைச்சுது: அந்தக் காலத்தில் இருப்பது, கடன் வாராக்கடன் ஆன பிறகு வசூலான தொகை. ஒழுங்கா கட்டி முடித்தவருக்கு அது பூஜ்யம். பரீட்சை முடிந்தபிறகு வந்த மார்க்கைப் பார்த்து, பரீட்சைக்கு முன்னாடியே பாஸா ஃபெயிலா என்று சொன்ன மாதிரி. கடன் கொடுக்கும் நாளில் அந்த எண் உலகத்திலேயே இல்லை.

PD மாடலுக்குள் வரக்கூடாத அதே காலம்தான் LGD-க்கு அடிப்படை. `loan_status` என்பதில் `Charged Off` என்று உள்ள கடன்களை மட்டும் எடுத்தால்:

```
EAD = funded_amnt - total_rec_prncp
LGD = 1 - (recoveries - collection_recovery_fee) / EAD
```

கொடுத்ததில் அசலாகத் திரும்பி வந்ததைக் கழித்தால் பாக்கி. அந்தப் பாக்கியில், வசூல் செலவு போக வந்தது எவ்வளவு பங்கு, வராதது எவ்வளவு பங்கு. அவ்வளவுதான். ஒரே டேட்டாவில் இருந்து இரண்டாவது மாடல் கிடைக்குது. அதை நாங்க தப்பான இடத்தில் போட்டு வீணடிச்சோம்.

இதிலும் ஒரு குறை இருக்கு. வசூல் பணம் ஒரே நாளில் வருவதில்லை. 1,20,000 பாக்கியில் ஒரு வருஷம் கழித்து 20,000, இரண்டு வருஷம் கழித்து 30,000 வருது என்று வைங்க. மேலோட்டமா பார்த்தால் 50,000 வந்தாச்சு, LGD 58 சதவீதம். ஆனா ஆண்டுக்கு 12 சதவீதம் கழிவு போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அந்த 50,000 சுமார் 41,800 ஆகுது. வக்கீல், வசூல் ஆள் என்று ஆரம்பத்திலேயே 6,000 செலவு. கையில் நிற்பது சுமார் 35,800. LGD 70 சதவீதம். லெண்டிங் கிளப் டேட்டாவில் எந்த மாசம் எவ்வளவு வசூலானது என்று பிரித்து இருக்காது, மொத்தம்தான் இருக்கும். அதனால் அங்கே வரும் LGD நிஜத்தைவிடக் குறைவாகவே காட்டும். இதை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

மூணாவது EAD. தவணைக் கடனில் பாக்கி மாசாமாசம் இறங்கும். கிரெடிட் கார்டு அப்படி இல்லை. கையில் பணம் தீர்ந்தவர் கடைசியாக இழுப்பது கார்டைத்தான். இன்று லிமிட் 1 லட்சம், பாக்கி 30,000 என்றால், தவறும் நாளில் பாக்கி 30,000-ஆகவே இருக்காது. மிச்சமுள்ள 70,000-இல் பாதியை இழுப்பார் என்று வைத்தால் EAD 65,000.

இந்த இழுக்கும் பழக்கம் இன்னொரு பொறியையும் வைக்குது. சராசரி PD, சராசரி EAD எடுத்துப் பெருக்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோணும். 100 கார்டு எடுத்துக்குவோம். 90 பேருக்கு PD 2 சதவீதம், EAD 40,000. மீதி 10 பேர் நெருக்கடியில் இருக்காங்க. PD 30 சதவீதம், EAD 90,000. எல்லாருக்கும் LGD 70 சதவீதம். தனித்தனியா போட்டால் முதல் குழுவில் 50,400, இரண்டாவதில் 1,89,000, மொத்தம் 2,39,400 ரூபாய். இப்போ சராசரி வழி: PD 4.8 சதவீதம், EAD 45,000, அதை LGD-யோடு பெருக்கி நூறு பேருக்குப் போட்டால் 1,51,200. அதே நூறு பேர், அதே டேட்டா, 88,200 ரூபாய் காணோம்! தவறக்கூடியவரும் அதிகம் கடன் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் காரணம். இரண்டும் சேர்ந்து ஏறும்போது, சராசரிகளின் பெருக்கம் எப்பவும் குறைத்தே காட்டும். அதனால் ஒவ்வொரு கடனுக்கும் பெருக்கிவிட்டுக் கடைசியில் கூட்டணும். பாண்டாஸில் அது ஒரே வரிதான், சோம்பலுக்கு இடமே இல்லை.

"எல்லா டேட்டாவிலும் வசூல் விவரம் இருக்காதே" என்று ஒரு ஜூனியர் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. தைவான் கிரெடிட் கார்டு டேட்டா என்று 30,000 பேர் உள்ள இன்னொரு பிரபலமான தொகுப்பில் வசூல் காலமே கிடையாது. அங்கே LGD-யை 50, 70, 90 சதவீதம் என்று மூன்று விதமா வைத்து, நஷ்டம் எங்கிருந்து எங்கே வரை போகுது என்று காட்டலாம். ஊகம் என்று சொல்லிவிட்டு ஊகிப்பதில் தப்பில்லை. சொல்லாமல் நிறுத்திக்கொள்வதில்தான் தப்பு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வளவு சரியா போட்டாலும் வருவது சராசரி நஷ்டம்தான், மோசமான வருஷத்தின் நஷ்டம் இல்லை. ஆயிரம் பேரும் ஒரே ஊர், ஒரே தொழில் என்றால், அந்தத் தொழில் படுக்கும் வருஷத்தில் 50 பேருக்குப் பதில் 200 பேர் சேர்ந்து தவறலாம். அதற்கு வங்கி தனியா மூலதனம் வைக்கணும். எதிர்பார்க்கும் நஷ்டம் வட்டியிலும் ஒதுக்கீட்டிலும் சேரும் தினசரிச் செலவு மாதிரி.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. பெரிய நிதி நிறுவனங்கள் 2018 முதலே Ind AS 109 கணக்கு விதிப்படி இந்த எதிர்பார்க்கும் நஷ்டத்தைக் கணக்கிட்டுத்தான் ஒதுக்கீடு செய்கின்றன. வங்கிகளையும் இந்த முறைக்குக் கொண்டுவர ரிசர்வ் வங்கி 2023 ஜனவரியில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. நாளைக்கு அங்கே வேலைக்குப் போகிறவன் உட்காரப் போவது இந்தச் சூத்திரத்தின் முன்னால்தான்.

அதனால் அடுத்த ரிவ்யூவுக்கு என் யோசனை: அக்யூரசி பார் சார்ட்டை எடுத்துட்டு நாலே எண் போடுங்க. டெஸ்ட் டேட்டாவில் சராசரி PD எவ்வளவு, நிஜத்தில் தவறியவர் எத்தனை சதவீதம். கடன் கடனாகக் கூட்டிய எதிர்பார்ப்பு நஷ்டம் எவ்வளவு ரூபாய். அதே டெஸ்ட் கடன்களில் நிஜமாகப் போனது எவ்வளவு ரூபாய். கடைசி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கைதட்டலை நானே ஆரம்பிக்கிறேன். நிற்கலைன்னா, எந்த இடத்தில் ஓட்டை என்று தேட மூணே எழுத்துக்கூட்டம்தானே, ஒவ்வொன்றா பாருங்க.