மின்சாரம் போனால் கிடங்குக் கதவு யார் பக்கம்?

கைரேகைப் பூட்டு வாங்கும் வணிகர்கள் எத்தனை விரல் பதியலாம், விலை என்ன என்று கேட்கிறார்களே தவிர, மின்சாரம் போனால் கதவு பூட்டியிருக்குமா, திறந்துகொள்ளுமா என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது நமது கருத்து.

கொல்லிமலையில் மிளகு வாங்கி இருப்பு வைக்கும் நம் நண்பர் ஒருவர், செம்மேட்டுக் கிடங்குக்குக் காந்தப் பூட்டு வைத்தார். மின்சாரம் ஓடும் வரைதான் அந்தக் காந்தம் கதவைப் பிடித்திருக்கும். துணைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. பூட்டு எந்நேரமும் அரை ஆம்பியர் இழுப்பதால், கணக்குப்படி 14 மணி நேரம் வரவேண்டும். பழகிய பேட்டரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் தாங்காது. மழையில் மரம் விழுந்து மாலையில் போன மின்சாரம் காலை வரை வரவில்லை. விடியும் முன்பே கதவு தானாகத் திறந்து கிடந்தது. சரக்கு தப்பியது அவர் அதிர்ஷ்டம்.

கிடங்குக்கு ஏற்றது சோலனாய்டு தாழ்ப்பாள். திறக்கும் சில விநாடிகளுக்கு மட்டுமே அது ஓர் ஆம்பியர் அளவு இழுக்கும். மற்ற நேரத்தில் கருவி இழுப்பது பத்தில் ஒரு ஆம்பியர் அளவே. அதே பேட்டரி இரண்டு நாள் ஓடும். அதுவும் தீர்ந்தால் கதவு பூட்டியபடியே இருக்கும். ஆகவே வெளியே சாவித் துவாரமும், உள்ளிருப்பவர் மின்சாரமின்றித் திறக்கும் கைப்பிடியும் உள்ளதையே வாங்க வேண்டும்.

வயரிங்கில் கவனியுங்கள். தாழ்ப்பாளின் வயர் ரிலேயின் 'காம்', 'என்.ஓ.' முனைகளில் வரவேண்டும். 'என்.சி.'யில் மாற்றிக் கொடுத்தால் எந்நேரமும் மின்சாரம் ஓடிச் சுருள் கருகும். கதவு சும்மா இருக்கும்போதே தாழ்ப்பாள் சுடுவது இதற்கு அடையாளம். சுருளின் குறுக்கே ஒரு டையோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி வேண்டும். இல்லையேல் சுருள் திருப்பி வீசும் மின்னழுத்தத்தால் கருவி திடீரென நின்று மீண்டும் தொடங்கும். ரிலே அறைக்குள் இருக்கட்டும். வெளியிலுள்ள பெட்டிக்குள் இருந்தால், திருகைக் கழற்றி இரண்டு வயரைத் தொடுத்தே எவரும் திறந்துவிடலாம்.

பதிந்த ரேகை மின்சாரம் போனாலும் அழியாது. மறுபடி பதியத் தேவையில்லை. ஆனால் மூட்டை தூக்கும் கையில் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் விரல் ஏற்காமல் நிற்பவர்களை நாம் பார்க்கிறோமே! ஒருவருக்கு இரு கையிலும் ஒவ்வொரு விரல், கிடங்குக்குக் குறைந்தது இரண்டு பேர் எனப் பதியுங்கள். கருவிக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் யாருடையது என்று நோட்டில் எழுதி வைத்தால்தான், வேலையை விட்டுப் போனவரின் விரலை அன்றே நீக்க முடியும்.

பொருத்திய அன்று மெயின் ஸ்விட்சை அணைத்து, பேட்டரியையும் கழற்றிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகே பாக்கியைப் பட்டுவாடா செய்யுங்கள்.