பத்து சதவீதத்தின் கணக்கு



லண்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் வாங்கி அடுக்கிவைத்திருக்கும் குட்டி யோகர்ட் பாட்டில்களில் 'கொலஸ்ட்ராலைக் குறைக்கும்' என்று போட்டிருக்கிறதாம். தினம் ஒன்று குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். மாத்திரையை விடக்கூடாது, அம்மா. அதற்காகப் பாட்டிலில் போட்டிருப்பது பொய் என்றும் சொல்ல முடியாது. அது எவ்வளவு குறைக்கும், ஏன் அதற்கு மேல் குறைக்காது என்பதை இம்முறை பார்ப்போம்.

அந்த யோகர்ட்டிலும், அதே வாசகம் போட்டு வரும் மார்ஜரினிலும் சேர்ப்பது தாவர ஸ்டீரால். நம் உடம்பில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோலச் செடிகளின் உயிரணுச் சவ்வுகளில் இது இருக்கிறது. இரண்டுக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய், எள், கொட்டைகள், பருப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் சாதாரணச் சாப்பாட்டில் ஒரு நாளைக்குக் கிடைப்பது அரை கிராமுக்கும் குறைவு. கொலஸ்ட்ரால் அசைய வேண்டுமென்றால் 2 கிராம் வேண்டும். அதனால்தான் தனியாகப் பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்கள்.

இது வேலை செய்யும் இடம் ரத்தம் அல்ல, சிறுகுடல். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்தநீர் உண்டாக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகளில் ஏறிக்கொண்டால்தான் குடல் சுவரை எட்ட முடியும். துளிகளில் இடம் கொஞ்சம். நெரிசல் நேரத்துப் பேருந்தில் முதலில் ஏறியவர் உட்கார்ந்துகொள்வதுபோல ஸ்டீரால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் மலத்தோடு போய்விடுகிறது. ஸ்டீராலும் உடம்பில் அவ்வளவாகத் தங்குவதில்லை. குடல் சுவருக்குள் நுழைந்த கொஞ்சத்தையும் பெரும்பாலும் உயிரணுக்கள் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடுகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1950களிலேயே அமெரிக்காவில் இதை மருந்தாக விற்றார்கள். ஸ்டீரால் மெழுகுபோல இறுகிய படிகம், எதிலும் எளிதில் கரையாது. அதனால் அன்று நிறைய கிராம் விழுங்க வேண்டியிருந்தது. அந்த முட்டுக்கட்டையை நீக்கியது பின்லாந்தின் ரைசியோ நிறுவனம். காகித ஆலைகளில் பைன் மரக்கூழ் தயாரிக்கும்போது மிஞ்சும் எண்ணெயிலிருந்து ஸ்டீராலை எடுத்தார்கள். ஹைட்ரஜன் ஏற்றி அதை ஸ்டானால் என்ற நெருங்கிய உறவாக்கி, கொழுப்பு அமிலத்தோடு பிணைத்தார்கள். பிணைத்ததும் அது கொழுப்பில் கரையத் தொடங்கியது, மார்ஜரினில் மணலாக நெருடாமல் கலந்தது. 1995இல் 'பெனிகால்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஸ்டீரால், ஸ்டானால் இரண்டும் தரும் பலன் ஏறக்குறைய ஒன்றே.

அதே ஆண்டு அதன் ஆய்வு முடிவும் வெளியானது. இதய நோய்க்குப் பேர்போன வடக்குக் கரேலியாவில், கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருந்த 153 பேர் ஓராண்டு இந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஸ்டானால் மார்ஜரின், மற்றவர்களுக்குச் சாதாரண மார்ஜரின். ஸ்டானால் சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 10 சதவீதமும், கெட்ட கொலஸ்ட்ரால் எனும் எல்.டி.எல். சுமார் 14 சதவீதமும் குறைந்தன. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினம் 2 கிராமுக்கு எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறையும் என்பது நிலைத்தது. 3 கிராமுக்கு மேல் ஏற்றினாலும் பலன் அவ்வளவாகக் கூடுவதில்லை.

ஏன் பத்தோடு நின்றுவிடுகிறது? காரணம் கல்லீரல். குடலிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் குறைந்ததும் கல்லீரல் இரண்டு வேலை செய்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை முன்னைவிட அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இது நமக்கு லாபம். கூடவே, குறைந்ததை ஈடுகட்டத் தானே புதிதாகத் தயாரிக்கவும் தொடங்குகிறது. குடலில் சேமித்ததில் ஒரு பகுதி அங்கே கரைந்துபோகிறது. ஸ்டாடின் மாத்திரையோ அந்தத் தயாரிப்பிலேயே கைவைக்கிறது. இரண்டின் பலத்திலும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒருவருக்கு எல்.டி.எல். 160 என்று வைத்துக்கொள்வோம், பிரிட்டனில் 4.1 என்று எழுதித் தருவார்கள். யோகர்ட் மட்டும் என்றால் மூன்று வாரத்தில் 144க்கு வரலாம். 30 சதவீதம் குறைக்கும் சிறிய அளவு ஸ்டாடின் மட்டும் என்றால் 112. ஸ்டாடினோடு யோகர்ட்டும் சேர்ந்தால் 100 சொச்சம். ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் பொதுவாகக் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதை வைத்துப் பார்த்தால் மாத்திரைக்குத் துணையாக இந்தப் பத்து சதவீதம் குறைச்சலில்லை. மாத்திரைக்குப் பதிலாக என்றால், 112இல் இருந்தவர் 144க்கு ஏறிவிடுவார்.

அந்தப் பத்தும் பலருக்குக் கிடைப்பதில்லை. நூறு கிராம் யோகர்ட் பாட்டில் ஒன்றிலேயே பெரும்பாலும் 2 கிராம் இருக்கும். மார்ஜரினில் அப்படி இல்லை. பத்து கிராம் தடவினால் முக்கால் கிராம் ஸ்டீரால் என்ற கணக்கில் வரும் டப்பாவானால், ஒரு நாளைக்கு மூன்று முறை தாராளமாகத் தடவ வேண்டும். காலையில் ஒரு ரொட்டித் துண்டில் மெல்லப் பூசுபவருக்கு அதில் கால் பங்குகூடச் சேராது. யோகர்ட்டை வெறும் வயிற்றில் குடிப்பது இன்னொரு தவறு. பித்தநீர் சுரக்கும் நேரத்தில், அதாவது நல்ல சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் அது முழுமையாக வேலை செய்யும். வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவாமல் வெண்ணெய்க்கு மேல் தடவினால் கலோரிதான் கூடும். நிறுத்தினால் சில வாரத்தில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே போய்விடும்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல். மருந்தோ யோகர்ட்டோ எதுவும் இல்லாமலே, ஒருவரின் எல்.டி.எல். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து, பத்து சதவீதம் ஏறி இறங்கும். நாம் தேடும் மாற்றமும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே ஒரே ஒரு சீட்டைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். தொடங்கும் முன் இரண்டு முறை, இரண்டு மாதம் கழித்து இரண்டு முறை, கூடியவரை ஒரே ஆய்வகத்தில் பார்த்து, சராசரிகளை ஒப்பிடுங்கள். சிலருக்கு இயல்பாகவே குடல் குறைவாக உறிஞ்சும், கல்லீரல் அதிகம் தயாரிக்கும். அவர்களுக்குச் சராசரி அசையாமலே இருக்கக்கூடும்.

ஐரோப்பாவில் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைகளையும் படியுங்கள். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது உகந்ததல்ல. கேரட், கீரையில் உள்ள பீட்டா கரோட்டினும் உடம்பில் கொஞ்சம் குறைவாகச் சேர்வதால், காய்கறி பழங்களைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஸ்டீரால் ரத்தத்திலேயே தேங்கிவிடும் மிக அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

கடைசியாக ஒன்று. எல்.டி.எல். குறைகிறது என்பது உறுதி. ஆனால் இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று காட்டும் ஆய்வு இதுவரை இல்லை. ஸ்டாடினுக்கு அது பலமுறை நிரூபணமாகியிருக்கிறது. அதனால், மாத்திரை தேவைப்படாத அளவில் எல்.டி.எல். லேசாகக் கூடியிருப்பவர், எப்படியும் ரொட்டியில் எதையோ தடவப் போகிறவர், விலை கட்டுப்படியானால் இதைத் தடவிப் பார்க்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரும், சர்க்கரை நோய்க்காக ஸ்டாடின் எடுப்பவரும் மாத்திரையைத் தொடர வேண்டும்; யோகர்ட் வேண்டுமானால் அதோடு சேரட்டும். முன்பும் பின்பும் எடுத்த சராசரிகளில் மாற்றமில்லையென்றால், அந்தப் பணத்துக்குக் காய்கறி வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்