தேடல் வரைபடம் மறதியை அளக்குமா?

ஒவ்வொரு கார்த்திகையும் மே மாதமும் முடிந்த பின்னர் ஒரு வாதம் தலைகாட்டுகிறது. புலம்பெயர் தமிழர் நினைவேந்தல் காணொளிகளைப் பார்க்கிறார்கள், தாயகத்தில் இருப்பவர்களோ சினிமாவும் பரீட்சை முடிவுகளும் தேடுகிறார்கள். ஆகவே தாயகம் மறந்துவிட்டது என்பது ஒரு தரப்பு. அதே தரவைக் காட்டி, வெளிநாட்டில் எவருக்கும் அக்கறை இல்லை என்பது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் கையில் எடுப்பது கூகுளின் நாடுவாரித் தேடல் வரைபடத்தைத்தான். அந்த வரைபடம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதை இங்கே பார்க்க விரும்புகிறேன்.

trends.google.com தளத்தில் ஒரு சொல்லைக் கொடுத்து, Web Search என்பதை YouTube Search என்று மாற்றினால், யூரியூப்பில் அந்தச் சொல் எவ்வளவு தேடப்பட்டது என்பது 0 முதல் 100 வரையான கோடாக வரும். பலர் இந்த 100 என்பதை ஆட்களின் எண்ணிக்கை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. அந்த நாட்டில் நடந்த மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லுக்குரிய பங்கையே அது காட்டுகிறது. பங்கு மிக உயர்ந்து நின்ற இடமும் நேரமும் 100 ஆகின்றன. ஏனையவை அதற்கு ஏற்ப இறங்குகின்றன.

சுவிற்சர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தமிழரில் மிகப் பெரும்பாலானோர் எம்மவர்கள் என்பதால், தமிழகத்தவரும் பெருமளவில் வாழும் கனடாவைவிட ஒப்பீட்டுக்கு அது பொருத்தமானது. அங்கே தமிழர் தொகை ஏறத்தாழ 50,000 என்று சொல்லப்படுகிறது. நாட்டின் சனத்தொகையோடு பார்த்தால் இருநூறு பேரில் ஒருவர் அளவு. வடமாகாணத்திலோ ஏறக்குறைய எல்லோருமே தமிழர். இரண்டு இடத்திலும் தமிழர்கள் ஒரே அளவு ஆர்வத்தோடு, நூறு தேடலில் ஒன்றை நினைவேந்தலுக்காகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடமாகாணத்தின் பங்கு நூறில் ஒன்று. சுவிஸின் பங்கு இருபதாயிரத்தில் ஒன்று. வரைபடத்தில் வடக்கு 100 என்றால் சுவிஸ் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆர்வம் ஒன்றுதான், சுற்றியிருக்கும் சனத்தொகைதான் வேறு.

எனவே நான் கோடுகளின் உயரத்தை ஒப்பிடுவதில்லை. ஒவ்வோர் இடத்துக்குள்ளும் இரண்டு தமிழ்த் தலைப்புகளை எடுத்து, அவற்றுக்கிடையிலான விகிதத்தையே ஒப்பிடுகிறேன். உதாரணமாக, வடக்கில் நினைவேந்தல் 10, தமிழ்ப் படங்கள் 50 என்று வந்தால் விகிதம் ஐந்தில் ஒன்று. சுவிஸில் அவை 2, 5 என்று வந்தால் ஐந்தில் இரண்டு. இப்போதுதான் சுவிஸ் தமிழரின் தேடலில் நினைவேந்தலுக்கு இரட்டிப்பு இடம் இருக்கிறது என்று சொல்ல வழி பிறக்கிறது. ஆனால் 2 என்பது 1.5 ஆகவும் இருந்திருக்கலாம், 2.4 ஆகவும் இருந்திருக்கலாம். கூகுள் முழுத் தேடலையும் எண்ணாமல் ஒரு மாதிரியையே எடுப்பதால், இன்னொரு நாள் பார்த்தால் சிறிய எண்கள் மாறியிருக்கும். ஆகவே சில நாட்கள் இடைவெளி விட்டுப் பல தடவை எடுத்துச் சராசரி காண வேண்டும். தமிழ் எழுத்தில் தேடுபவர்களையும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சுச் செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளில் பலர் இரண்டாவது வகையினர்.

இவ்வளவும் செய்து விகிதம் வேறுபட்டே வந்தாலும், அது மறதியைக் காட்டுகிறதா? கார்த்திகை 27 அன்று மாலை 6.05 மணிக்கு வன்னியில் ஒரு தாய் துயிலும் இல்லத்தில் சுடரேற்றிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அதை யூரியூப்பில் தேட வேண்டிய தேவையே இல்லை. அந்த நேரம் சூரிச்சில் பிற்பகல் 1.35. அங்கே வேலைத்தலத்தில் இருக்கும் அவரது மகன்தான் நேரலையைத் தேடுகிறார். தேடல் என்பது அந்த இடத்தில் இல்லாதவர் செய்யும் காரியம். தாயின் பங்கு தரவில் பூச்சியமாகவும் மகனின் பங்கு ஒன்றாகவும் பதிவாகின்றன.

இன்னொரு காரணம் அச்சம். நினைவேந்தல் தொடர்பான முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதான நாட்டில், கைத்தொலைபேசியில் எதைத் தேடுவது என்பதையும் யோசித்தே செய்கிறார்கள். 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் வீபிஎன் போட்டுக்கொண்டார்கள். அத்தகைய நாட்களில் யாழ்ப்பாணத்துத் தேடல் வேறொரு நாட்டின் கணக்கில் விழுந்திருக்கும்.

ஆகவே இந்தத் தரவைக் கொண்டு, எந்த நாளில் எந்த இடத்தில் எது கூடுதலாகத் தேடப்பட்டது என்று சொல்லலாம். எவர் மறந்தார் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி ஒரு வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், அது எத்தனை பேரில் எத்தனை பங்கு என்பதை முதலில் கேளுங்கள்.