சம்பளச் சீட்டைக் கையில் எடுங்க: பழைய வரியா, புதிய வரியா?

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு போனுக்கு வந்ததும் பலர் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான்: கைக்கு வரும் தொகை. அதற்கு மேலே இருக்கும் ஐந்தாறு வரிகளைப் படித்தால் போதும், வருமான வரியில் பழைய முறை நல்லதா, புதிய முறை நல்லதா என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

முசரவாக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து, தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய ஒரு மாதச் சீட்டு இப்படி இருக்கிறது:

அடிப்படைச் சம்பளம்: 60,000
வீட்டு வாடகைப்படி (ஹெச்.ஆர்.ஏ.): 24,000
சிறப்புப் படி: 36,000
மொத்தம்: 1,20,000
பி.எஃப். பிடித்தம்: 7,200
வரிப் பிடித்தம் (டி.டி.எஸ்.): 14,027
கைக்கு வருவது: 98,773

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 ரூபாய் பிடிப்பார்கள். அது இந்த மாதச் சீட்டில் இல்லை.

"எல்.ஐ.சி. இருக்கு, பசங்க ஸ்கூல் ஃபீஸ் இருக்கு, வாடகையும் கட்டுறோம். நமக்குப் பழைய முறைதான் சரி" என்று ஏப்ரலில் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார் அவர். அது சரியான முடிவா?

முதலில் எந்தத் தொகை?

வேலைக்குச் சேரும்போது சொல்லும் சி.டி.சி. தொகையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். சீட்டில் உள்ள மொத்தச் சம்பளத்தை 12 மாதங்களுக்குக் கூட்ட வேண்டும். போனஸ் வந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இவருக்கு ஆண்டுக்கு 14,40,000 ரூபாய்.

ஹெச்.ஆர்.ஏ.வில் விழும் ஓட்டை

"மாசம் 24,000 ஹெச்.ஆர்.ஏ.ன்னு போட்டிருக்காங்களே, அது முழுக்க வரி கிடையாதாங்க?" என்று மனைவி கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சட்டம் மூன்று தொகைகளைப் பார்த்து, அவற்றில் எது குறைவோ அதற்கு மட்டும்தான் விலக்கு தரும்.

ஒன்று, ஆண்டில் வாங்கிய ஹெச்.ஆர்.ஏ.: 2,88,000. இரண்டாவது, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம். அதுவும் இவருக்கு 2,88,000தான். (சென்னையில் குடியிருந்தால் 50 சதவீதம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 40தான்.) மூன்றாவது, கட்டிய வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தால் வருவது. வாடகை மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000. அதில் 72,000 போனால் மிச்சம் 48,000.

ஆக, 2,88,000 ரூபாய் படி வாங்கினாலும் விலக்கு 48,000 ரூபாய்க்குத்தான். ஊரில் வாடகை குறைவு என்பது குடும்பத்துக்கு லாபம். வரிக் கணக்கில் அதனாலேயே விலக்கு சுருங்கிவிடுகிறது. வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் ஆபீஸில் தர வேண்டும்.

பழைய முறையில்

இவருடைய பி.எஃப். ஆண்டுக்கு 86,400, எல்.ஐ.சி. 30,000, இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் 45,000. கூட்டினால் 1,61,400 வருகிறது. 80சி பிரிவின் உச்சவரம்பு 1,50,000 என்பதால் மிச்சம் 11,400 கணக்கில் சேராது.

மொத்தச் சம்பளம்: 14,40,000
நிலையான கழிவு: 50,000
தொழில் வரி: 2,500
ஹெச்.ஆர்.ஏ. விலக்கு: 48,000
80சி: 1,50,000
மருத்துவக் காப்பீடு (80டி): 25,000
வரிக்குரிய வருமானம்: 11,64,500

முதல் 2.5 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 2.5 லட்சத்துக்கு 5 சதவீதம்: 12,500. அடுத்த 5 லட்சத்துக்கு 20 சதவீதம்: 1,00,000. பத்து லட்சத்துக்கு மேல் உள்ள 1,64,500க்கு 30 சதவீதம்: 49,350. கூட்டினால் 1,61,850. அதன் மேல் 4 சதவீத செஸ் 6,474. மொத்த வரி 1,68,324 ரூபாய். இதை 12ஆல் வகுத்தால் 14,027. சீட்டில் பிடித்திருப்பது அதே தொகைதான்.

புதிய முறையில்

இங்கே ஹெச்.ஆர்.ஏ., 80சி, 80டி, தொழில் வரி எதுவும் கழியாது. நிலையான கழிவு மட்டும் 75,000. வரிக்குரிய வருமானம் 13,65,000.

முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம்: 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம்: 40,000. மிச்சமுள்ள 1,65,000க்கு 15 சதவீதம்: 24,750. மொத்தம் 84,750. செஸ் 3,390 சேர்த்தால் 88,140 ரூபாய்.

வித்தியாசம் 80,184 ரூபாய்! கழிவு அதிகம் இருப்பதாக நினைத்துப் பழைய முறையை எழுதிக் கொடுத்தவரின் சம்பளத்தில் மாதம் 6,682 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள்.

பழைய முறை யாருக்கு லாபம்?

இதே சம்பளத்துக்குப் பழைய முறையில் மொத்தக் கழிவு 5,78,750 ரூபாயைத் தொட்டால்தான் இரண்டு வரியும் சமமாகும். இவருக்கு இருப்பது 2,75,500. வெறும் வீட்டுக் கடன் வட்டியால்கூட இந்த இடைவெளி அடையாது; குடியிருக்கும் வீட்டுக்கு அதன் வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம்.

ஆனால் இதே சம்பளம் வாங்கும் இன்னொருவர் சென்னையில் மாதம் 25,000 வாடகைக்கு இருக்கிறார். முசரவாக்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டில் அவருடைய அப்பா, அம்மா இருக்கிறார்கள். அவருக்கு ஹெச்.ஆர்.ஏ. விலக்கு 2,28,000, வட்டிக் கழிவு 2,00,000. மற்றவை முன்பு போலவே என்றால் மொத்தம் 6,55,500. அவருக்குப் பழைய முறையில் 15,964 ரூபாய் மிச்சம். ஒரே சம்பளம், இரண்டு விடை. பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆண்டுச் சம்பளம் 12,75,000க்குள் இருந்து, வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை. அவர் இவ்வளவு கணக்குப் போடவே வேண்டாம்.

போன பணம் திரும்புமா?

திரும்பும். ஆபீஸில் சொன்னது பிடித்தத்துக்கு மட்டும்தான். சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர், கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் மாற்றலாம். நம் உதாரணக்காரர் புதிய முறையில் தாக்கல் செய்தால் 80,184 ரூபாய் ரீஃபண்ட் வரும்.

பழைய முறை வேண்டும் என்பவர்தான் கெடுவில் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமான கெடு ஜூலை 31. அதைத் தவறவிட்டுத் தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைதான்.

பட்டு ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு. சம்பளத்தோடு தன் பெயரில் தறித் தொழிலோ சேலை வியாபாரமோ நடத்தி, அந்த வருமானத்தைக் காட்டுபவருக்கு ஆண்டுதோறும் மாற்றும் வசதி இல்லை. பழைய முறைக்குப் போக அவர் 10-ஐ.இ.ஏ. படிவம் தர வேண்டும். பிறகு ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், அந்தத் தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. அவர் இந்த ஆண்டுக் கணக்கோடு அடுத்த சில ஆண்டுகளின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தைத் தொட வேண்டும்.