‘உறுதி செய்யப்பட வேண்டும்’ – யாரால்?

பணிப்பொறுப்புகளை நாம் பத்தி பத்தியாகத்தான் எழுதுகிறோம். ஒரு பதவிக்கு ஒரு பத்தி. அதில் அந்தப் பதவியில் இருப்பவர் செய்ய வேண்டியவை வரிசையாக வரும். தனித்தனியே படித்தால் எந்தப் பத்தியிலும் குறை தெரியாது. ஆனால் வேலை என்பது பதவி பதவியாக நடப்பதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறித்தான் அது முடிகிறது. அந்தக் கைமாற்றம் எந்தப் பத்திக்குள்ளும் வராது. இந்தப் பத்திகளைப் பிரித்துக் கட்டங்களில் அடுக்குவதுதான் பொறுப்பு அட்டவணை. இடப்பக்கம் வேலைகள், மேலே பதவிகள், கட்டத்துக்குள் ஒரே எழுத்து: செய்பவர் ‘செ’, ஒப்புதல் தந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ‘ஒ’, முடிவுக்கு முன் கருத்துக் கேட்கப்படுபவர் ‘க’, முடிவுக்குப் பின் தகவல் பெறுபவர் ‘த’. மேலாண்மைப் பயிற்சிகளில் ‘ரேசி’ என்று சொல்லித்தருவது இதைத்தான். இந்த அட்டவணையைப் பத்திகளின் சுருக்கமாக நினைத்துத்தான் பலரும் தயாரிக்கிறார்கள். அதனாலேயே அது பயனற்றுப்போகிறது. பத்திகள் எதைச் சொல்லாமல் விட்டன என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே, அதைத் தயாரிப்பவர் காலிக் கட்டங்களைத் தன் ஊகத்தால் நிரப்பவே கூடாது.

தமிழகத்தின் ஒரு கிராம ஊராட்சியில் குடிநீரில் குளோரின் கலக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். பதவிகள் ஐந்து, பத்திகளும் ஐந்து. கீழே உள்ள வாசகங்கள் எந்த ஆணையிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஆனால் அலுவலக நடை அறிந்தவர்களுக்கு அவை அந்நியமாகத் தெரியாது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் ‘நாள்தோறும் நீரேற்ற வேண்டும், 15 நாட்களுக்கு ஒரு முறை தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், உரிய அளவில் குளோரின் கலந்து பதிவேட்டில் பதிய வேண்டும்’. ஊராட்சிச் செயலர் ‘பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் இருப்பைக் கண்காணிக்க வேண்டும், பணிகள் முறையாக நடைபெறுவது உறுதி செய்யப்பட வேண்டும்’. தலைவர் ‘பாதுகாப்பான குடிநீர் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும், கொள்முதலுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும்’. வட்டார வளர்ச்சி அலுவலர் ‘குடிநீர்ப் பணிகளை ஆய்வு செய்து உரிய அறிவுரை வழங்க வேண்டும்’. சுகாதார ஆய்வாளர் ‘குளோரின் அளவைப் பரிசோதித்து, குறைபாடு இருப்பின் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்’.

இவற்றை அட்டவணையாக்கும்போது முதலில் செய்ய வேண்டியது, வினைச்சொற்களைத் தனித்தனியே எடுத்து எழுதுவது. அவை இரண்டு வகையாகப் பிரிந்துவிடும். நீரேற்று, கலக்கு, பதி, பரிசோதி, ஒப்புதல் அளி போன்றவை ஒரு வகை. நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். உறுதி செய், கண்காணி, ஆய்வு செய், அறிவுரை வழங்கு போன்றவை இன்னொரு வகை. எப்போது முடிந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வகை அப்படியே வரிசைகளாகும். இரண்டாம் வகைச் சொல் ஒவ்வொன்றையும் ‘எதைப் பார்த்து, எந்த நாளில், பார்த்தபின் என்ன செய்து’ என்று கேட்டு உடைக்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், அந்தச் சொல்லுக்கு அட்டவணையில் இடமில்லை. ‘உறுதி செய்யப்பட வேண்டும்’ என்ற வாக்கியத்தில் செய்பவரே இல்லை. செயலருக்குரிய பத்தியில் அது இருப்பதால் செயலர்தான் செய்பவர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தலைவரின் பத்தியிலும் ஏறத்தாழ அதே வாசகம் இருக்கிறது. இருவரும் உறுதி செய்ய வேண்டிய ஒன்றை எவரும் உறுதி செய்வதில்லை என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

இப்போது ‘குளோரின் கலத்தல்’ என்ற ஒற்றை வரிசையைப் பார்ப்போம். செய்பவர் தொட்டி இயக்குபவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய பத்தியில் இருக்கும் ‘உரிய அளவு’ என்பதைத் தீர்மானிப்பவர் யார்? 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் போனால், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். கணக்கு எளிதுதான். ஆனால் பிளீச்சிங் பவுடர் வைத்திருக்க வைத்திருக்க வீரியம் இழக்கும் பொருள். வெயிலும் ஈரமும் பட்டால் இன்னும் விரைவாக இழக்கும். மூட்டை பிரித்துச் சில மாதங்களான பவுடரில் அதே 120 கிராம் போட்டால், தெருக்கோடிக் குழாயில் குளோரினே இல்லாமல் போகலாம். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம். அது இருக்கிறதா என்பது ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு, நீர் எவ்வளவு மஞ்சளாகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைச் செய்பவர் சுகாதார ஆய்வாளர். அளவை மாற்றக்கூடிய கை தொட்டி இயக்குபவருடையது. இருவருக்கும் நடுவே பத்திகளில் இருப்பது ‘சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்ற வாசகம் மட்டுமே. நடைமுறையில் அது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதமாகவும் ஊராட்சிக்கு ஒரு நகலாகவும் போகும். நகலின் அடியில் ‘தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்’ என்று இருக்கும். தகவல் என்றால் ‘த’. நடவடிக்கை என்றால் ‘செ’. ஒரே வரியில் இரண்டையும் எழுதி யாருக்கும் எதையும் ஒப்படைக்காமல் விடுகிற இந்தக் கலையில் நம் அலுவலகங்களை மிஞ்ச ஆளில்லை.

அதனால் ‘குளோரின் கலத்தல்’ ஒரு வரிசை அல்ல, மூன்று. அளவை முடிவு செய்வது, கலப்பது, குழாய் முனையில் சோதித்து முடிவைத் தொட்டி இயக்குபவரிடம் சேர்ப்பது. இரண்டாவதற்கு மட்டும்தான் பத்திகளில் தெளிவான ‘செ’ இருக்கிறது. முதலாவதில் ‘செ’யும் இல்லை, ‘ஒ’வும் இல்லை. மூன்றாவதில் சோதனைக்கு ஆள் உண்டு, சேர்ப்பதற்கு இல்லை. இதற்கு அடுத்து எந்தப் பத்தியிலும் பெயரே வராத ஒரு வேலையும் இருக்கிறது: நீர் பாதுகாப்பற்றது என்று தெரிந்தால் விநியோகத்தை நிறுத்துவது. வால்வை மூடுவது தொட்டி இயக்குபவர் என்பது ஊருக்கே தெரியும். மூடச் சொல்லும் அதிகாரம் யாருடையது? ஊரில் வயிற்றுப்போக்கு பரவும் நாளில் தலைவர் வெளியூரில் இருந்தால் அடுத்து யார்? வினைச்சொற்களை மட்டும் எடுத்து அடுக்கினால் இந்த வரிசை வரவே வராது. நீர் கிணற்றிலிருந்து குழாய்க்கு வரும் வழியை ஒரு முறை மனத்தில் நடந்து பார்த்து, ‘இங்கே தவறினால் என்ன’ என்று கேட்டால்தான் வரும். அட்டவணை தயாரிப்பதில் பாதி உழைப்பு இதற்கே போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் தயாரிப்பவருக்குச் சபலம் வருகிறது. அளவை முடிவு செய்வதில் ‘ஒ’ தலைவருக்கு, ‘க’ சுகாதார ஆய்வாளருக்கு என்று போட்டுவிட்டால் அட்டவணை நிறைந்துவிடும். என் கருத்தும் அதுதான். ஊராட்சியின் செயல் அதிகாரி தலைவர் என்பதால் பொருத்தமாகவும் இருக்கும். ஆனாலும் அதைப் போடும் அதிகாரம் அட்டவணை தயாரிப்பவருக்கு இல்லை. காலிக் கட்டத்தைக் காலியாகவே காட்டி, சம்பந்தப்பட்ட ஐவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அப்போது தலைவர் ‘அது சுகாதாரத் துறையின் வேலை என்றல்லவா இருந்தேன்’ என்பார். ஆய்வாளர் ‘நாங்கள் சொல்வதோடு சரி’ என்பார். அந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் அட்டவணையே.

ஒரு வரிசைக்கு ஒரே ஒரு ‘ஒ’ என்பது இந்த முறையின் கறாரான விதி. அதற்கு முதல் எதிர்ப்பு சட்டத்திலிருந்தே வரும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் கொடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். அப்படியானால் பிளீச்சிங் பவுடர் வாங்குவதில் இரண்டு ‘ஒ’ வருகிறதே? அட்டவணையின் அழகுக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது. வரிசையைப் பிளப்பதுதான் வழி. ‘வாங்க முடிவெடுப்பது’ ஒன்று, ‘பணம் வழங்குவது’ இன்னொன்று. முதலாவதில் தலைவர் மட்டும். இரண்டாவதில் இருவர், அந்த ஒரு வரிசையில் விதி மீறப்பட்டிருப்பதை மறைக்காமல் ‘சட்டப்படி’ என்று எழுதிவிட வேண்டும். அப்படி எழுதினால் இன்னொன்றும் தெரியும்: இருவருக்கும் ஆகாத ஊரில் பவுடர் தீர்ந்துபோவது எந்தக் கட்டத்தில் என்று அட்டவணை முன்கூட்டியே காட்டிவிடும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. எழுத்தில் பிரித்துப் போட்டால் ‘என் கட்டத்தில் இல்லை’ என்று கையை உதறுவார்கள். போதாக்குறைக்கு, கடைசியில் மாட்டுபவர் தொட்டி இயக்குபவராகத்தான் இருப்பார். முதல் பாதியை நான் ஏற்கவில்லை. கை உதறுவதற்கு ‘உறுதி செய்யப்பட வேண்டும்’ என்ற வாசகமே போதுமானதாக இருந்துவருகிறது. இரண்டாம் பாதி உண்மை. அட்டவணையைக் குறுக்கே மட்டும் படித்து நிறுத்தினால் அந்த அநியாயம் நடக்கும். மேலிருந்து கீழாகவும் படிக்க வேண்டும். தொட்டி இயக்குபவரின் நெடுவரிசையில் ‘செ’ மட்டுமே இருக்கும். ஒரு ‘க’கூட இருக்காது. தொட்டியைத் தினமும் பார்ப்பவரிடம் அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது அந்த நெடுவரிசை ஒன்றிலேயே வெளிப்படும். அவருடைய ஒவ்வொரு ‘செ’க்கும் எதிரே, அதற்கான பொருளை அவரிடம் கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். பவுடர் வாங்கக் கோரிக்கை எழுதுவது யார் என்று செயலரின் பத்தி சொல்லவில்லை. ‘இருப்பைக் கண்காணிக்க’ என்பதோடு நின்றுவிட்டது. கோரிக்கைக்கு ‘செ’ இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு, கலக்கவில்லை என்று இயக்குபவருக்குக் குறிப்பாணை கொடுப்பது நியாயமாகாது.

எல்லா வேலைக்கும் இப்படிக் கட்டம் போட வேண்டும் என்பதும் வீண். ஒருவரே தொடங்கி ஒருவரே முடிக்கும் நீரேற்றத்துக்கு அட்டவணை எதற்கு? கை மாறும் வேலைகளுக்கு மட்டும் போட்டால் ஒரு தாளில் அடங்கும், சுவரில் ஒட்டலாம். அடங்காதது கோப்புக்குள் போய்விடும்.

பெயர்களுக்குப் பதில் பதவிகளை எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். அது மட்டும் போதாது. பதவி காலியானால் எழுத்து எங்கே போய் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கியது. இடைப்பட்ட மூன்றாண்டுகளும் தலைவரின் அதிகாரம் தனி அலுவலரிடம் இருந்தது. கிராம ஊராட்சிகளில் அது வட்டார வளர்ச்சி அலுவலர். நம் அட்டவணையில் தலைவரின் நெடுவரிசையை அப்படியே அவருடைய நெடுவரிசையோடு சேர்த்துப் பாருங்கள். ஒப்புதல் தருபவரும் அந்தப் பணியை ஆய்வு செய்ய வேண்டியவரும் ஒருவராகிவிடுகிறார்கள். தன் முடிவைத் தானே ஆய்வு செய்து தனக்கே அறிவுரை வழங்க வேண்டும். அதுவும் ஓர் ஊராட்சிக்கு அல்ல, ஒன்றியத்திலுள்ள அத்தனை ஊராட்சிகளுக்கும். பத்திகளில் ஒரு சொல்கூட மாறியிருக்காது. படிப்பவருக்கு எல்லாம் முன்போலவே தெரியும். தலைவர் இல்லாத காலத்தில் ஆய்வு வரிசை மாவட்ட உதவி இயக்குநருக்குப் போகும், அன்றாட அளவை முடிவு செய்யும் ‘ஒ’ செயலருக்கு இறங்கும் என்பதுபோல ஏதாவது ஒன்றை, பதவி நிரம்பியிருக்கும்போதே ஐவரும் பேசி அட்டவணையின் அடியில் எழுதி, அதற்கு உரிய ஆணையும் பெற்று வைக்க வேண்டும்.